பில்லில் ரேட் அழிந்திருந்தால் எண்ணிக்கையையும் தொகையையும் வைத்துக் கண்டுபிடிப்பது

கேள்வி: சரக்கு வந்த பில்லில் ரேட் காலம் மட்டும் மை கலைந்து படிக்க முடியவில்லை. எண்ணிக்கையும் தொகையும் தெரிகிறது. தொகையை எண்ணிக்கையால் வகுத்தால் போதுமா?

வகுக்கலாம். ஆனால் வகுத்து வருவது பில்லில் அச்சடித்திருந்த ரேட்தானா என்பது வேறு விஷயம். நீங்கள் கடையில் கணக்கு பார்ப்பவர், சரக்கு இறங்கிவிட்டது, விற்பனை விலை சொல்லச் சொல்லி முதலாளி நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நானும் ஒரு குழாய், பிட்டிங்ஸ் மொத்தக்கடையில் கணக்கு பார்ப்பவன்தான்.

‘சப்ளையரிடம் பிடிஎஃப் கேட்டால் முடிந்தது’ என்று கீழே யாராவது வந்து சொல்வார்கள். கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சனிக்கிழமை மாலை அங்கே போனை எடுக்க ஆள் இருந்தால் நல்லது. ஜிஎஸ்டி தளத்தில் பார்க்கலாமே என்பார்கள். ஜிஎஸ்டிஆர்-2பி-யில் பில்லின் மொத்தமும் வரியும்தான் வரும், அயிட்டம் வாரியாக ரேட் வராது. பில்லில் உள்ள கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்தாலும் மொத்தத் தொகை, எத்தனை அயிட்டம், முக்கிய எச்எஸ்என் எண் என்ற அளவுக்குத்தான் கிடைக்கும். டேலியே வகுத்துக் கொடுத்துவிடும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: எந்தத் தொகையைக் கொடுத்தாலும் அது வகுத்துக் கொடுக்கும், அந்தத் தொகைக்குள் வரி இருக்கிறதா என்று அது கேட்காது.

அதனால் முதல் வேலை பில்லின் அடிப்பகுதியில். தெரிகிற தொகைகளை எல்லாம் கூட்டுங்கள். வரிக்கு முந்தைய மொத்தத்தோடு ஒத்துப்போனால் அயிட்டங்களுக்கு நேரே உள்ள தொகைகள் எல்லாம் வரி சேராதவை. 18 சதவீத வரியும் சேர்ந்த கடைசி மொத்தத்தோடு ஒத்துப்போனால், ஒவ்வொரு தொகையையும் 1.18-ஆல் வகுத்த பிறகுதான் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 10 பீஸுக்கு 1,180 ரூபாய் என்றால் ரேட் 118 என்று எழுதிவிடுவார்கள். அந்தப் பில் வரி சேர்த்துப் போட்டதாக இருந்தால் ரேட் 100.

எங்களுக்கு வந்த பில்லைச் சொல்கிறேன். லாரி ஷெட்டில் மழையில் நனைந்து வந்தது. டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் அடித்த கார்பன் நகல். ரேட், டிஸ்கவுண்ட் இரண்டு காலமும் நீலமாகக் கரைந்திருந்தன. கூட்டிப் பார்த்ததில் வரி சேராத தொகைகள் என்று தெரிந்தது. முதல் அயிட்டம் ஒரு இன்ச் எல்போ, 144 பீஸ், தொகை 1,684.80. வகுத்தால் 11.70. சுத்தமாக வந்துவிட்டது, ஆனால் எங்கள் லைனில் இது பில்லில் அடித்திருந்த ரேட் இல்லை. பிட்டிங்ஸ் கம்பெனிகள் லிஸ்ட் விலையைப் போட்டு, பக்கத்தில் டிஸ்கவுண்டைக் கழிப்பார்கள். எல்போவுக்கு எங்களுக்கு 35 சதவீதம். 11.70-ஐ 0.65-ஆல் வகுத்தால் 18. லிஸ்ட் 18, நெட் 11.70. ஸ்டாக்கில் ஏற்றவும் விற்பனை விலை போடவும் நெட் போதும். லிஸ்ட் எதற்கு என்றால், பேசிய டிஸ்கவுண்டைத்தான் கொடுத்தார்களா என்று பார்க்க.

அடுத்த அயிட்டம் பால் வால்வு, 7 பீஸ், 786.70. வகுத்தால் 112.3857 என்று இழுக்கிறது. இப்படி வாலோடு வந்தால் பதற வேண்டாம். தொகை பைசாவுக்கு ரவுண்ட் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். அரை பைசா வித்தியாசத்தை 7-ஆல் வகுத்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் அதே தொகையை முழு ரூபாயாக 787 என்று போட்டிருந்தால் நெட் ரேட் 112.36-லிருந்து 112.50 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம், 14 பைசா தடுமாற்றம். எண்ணிக்கை குறைவாக இருக்கும்போதுதான் இந்தத் தொல்லை. 144 பீஸாக இருந்தால் அரை ரூபாய் ரவுண்டிங் ரேட்டில் அரை பைசாவைக்கூடத் தொடாது.

இந்த வால்வுக்கு 40 சதவீதம் தருவதாக சப்ளையரின் சேல்ஸ் பையன் எங்கள் முதலாளியிடம் பேசியிருந்தான். 112.3857-ஐ 0.60-ஆல் வகுத்தால் 187.31. அப்படி ஒரு லிஸ்ட் விலை எந்தக் கம்பெனியும் போடாது. 0.65-ஆல் வகுத்தால் 172.90. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது, இங்கேதான் பலர் நின்றுவிடுவார்கள். கம்பெனியின் விலைப்பட்டியலை எடுத்தேன். வால்வு 182. 112.3857-ஐ 182-ஆல் வகுத்தால் 0.6175. அது 0.65-ஐ 0.95-ஆல் பெருக்கினால் வருகிற எண். அதாவது 35 கழித்து, மிச்சத்தில் 5 கழித்திருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் 38.25 சதவீதம்தான், 40 இல்லை. 40 கொடுத்திருந்தால் தொகை 764.40 வந்திருக்கும். 22 ரூபாய் 30 பைசா கூட.

‘வெறும் 22 ரூபாய்க்கா?’ என்று கேட்பீர்கள். ஏழு வால்வுக்கு 22 ரூபாய். பில்லில் வால்வு மட்டுமா இருந்தது? போனில் கேட்டதற்கு, ‘முப்பத்தஞ்சும் அஞ்சும் நாப்பதுதானே சார்’ என்றான் அந்தப் பையன். முதலாளி விடவில்லை, கிரெடிட் நோட் வந்தது.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். எண்ணிக்கை, தொகை இரண்டை மட்டும் வைத்து லிஸ்ட்டையும் டிஸ்கவுண்டையும் பிரிக்கவே முடியாது. 172.90-க்கு 35 சதவீதம், 182-க்கு 35-உம் 5-உம், இரண்டுக்கும் தொகை 786.70-தான். விலைப்பட்டியலோ பழைய பில்லோ கையில் இருந்தால்தான் எது என்று அடித்துச் சொல்லலாம். இல்லாவிட்டால் நெட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பழைய பில் யூனிட்டுக்கும் உதவும். அதே பில்லில் பைப் 60 என்று இருந்தது, தொகை 5,460. நெட் 91. போன பில்லில் அதே பைப் 273. விலை இறங்கிவிட்டது என்று கடைப்பையன் குதித்தான். 91-ஐ 3-ஆல் பெருக்கினால் 273. மூன்று மீட்டர் லெங்த் 20 வந்திருக்கிறது, இவர்கள் இந்தத் தடவை மீட்டரில் பில் போட்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் எதற்கு என்றால் லாரி ஷெட்காரர்களால். பில்லை பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்ட எவ்வளவு ஆகும்? லோடிங் கூலி, இறக்கு கூலி, மாமூல் என்று மூன்று தடவை வாங்குகிறார்கள், நனைந்த சரக்குக்குக் கேட்டால் ‘புக்கிங்ல கேளுங்க’. புக்கிங்கில் கேட்டால் ‘டெலிவரில கேளுங்க’. சரி, அது உங்கள் கேள்வி இல்லை.

ஸ்கீம் சரக்கையும் கவனியுங்கள். டெஃப்லான் டேப் 55 பீஸ், தொகை 600 என்றால் 10.909 வரும். .909, .818, .727 என்று வால் வந்தால் எங்கோ 11-ஆல் வகுபட்டிருக்கிறது, பத்துக்கு ஒன்று இனாம் என்று சந்தேகப்படலாம். 50-க்குத்தான் பில், ரேட் 12. உங்களுக்கு அடக்கம் 10.91 என்பதும் சரிதான். ஆனால் சரக்கைத் திருப்பி அனுப்பும்போது அவர்கள் 12 கணக்கில் எடுத்துக்கொள்வார்களா, 10.91 கணக்கிலா என்பதை முதலிலேயே கேட்டு பில் மேலேயே எழுதி வையுங்கள்.