ஜிபிஎஸ் இருந்தால் போதாதா?

கேள்வி: டேப்லெட்டில் சர்வே எடுக்கிறோம். வீட்டுக்கே போகாமல் படிவத்தை நிரப்பிவிடும் ஆட்களை எப்படிப் பிடிப்பது? ஜிபிஎஸ் இருந்தால் போதாதா?

போதாது. வாசல்வரை பைக்கில் போய் இடத்தைப் பதிந்துவிட்டு, மீதியை டீக்கடையில் உட்கார்ந்து நிரப்பிவிடலாம். ஒரே புள்ளியில் ஐந்து படிவம் விழுந்தாலும் பொய் என்று சொல்ல முடியாது. ஐந்து பேரும் வலை பின்னும் கொட்டகையில் இருந்திருப்பார்கள்.

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் மீனவர் கடன் பற்றிய சர்வேயில் மேற்பார்வையாளராக இருந்தேன். ஒரு தம்பியின் படிவங்களில் ஜிபிஎஸ் சுத்தம்; ஒவ்வொன்றும் சொல்லிவைத்தாற்போல் நாற்பது நிமிடம். சந்தேகம் கிழமையால் வந்தது. நாங்கள் போனபோது விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் காலையில்தான் கரைக்கு வரும். இவரோ புதன் மாலை ஆறு மணிக்கு மேல் நான்கு விசைப்படகுத் தொழிலாளிகளிடம் பேசியதாகப் பதிந்திருந்தார்.

சரி, அன்று அவர்கள் தொழிலுக்குப் போகாமல் இருந்திருக்கலாமே? `audit.csv` கோப்பைத் திறந்தேன். நாங்கள் சர்வேக்குப் பயன்படுத்திய ODK மென்பொருளின் படிவத்தில் `audit` என்ற வரியை முன்கூட்டியே சேர்த்திருந்தால், எந்தக் கேள்வியில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பது அதில் பதிவாகும். நான்கில் மூன்று படிவங்களில் சம்மதத் திரையிலேயே அரை மணி நேரம். டேப்லெட்டைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறார். 'வீட்டில் யாருக்காவது கடன் உண்டா?' என்பதற்கு மூன்றிலும் 'இல்லை'. அப்படிச் சொன்னால் கடன் பகுதி முழுவதும் தாண்டிப் போய்விடும். கடனே இல்லாத மீனவர் வீடு வரிசையாக மூன்று, அதுவும் எங்கள் சர்வேயில்!

வெள்ளிக்கிழமை பேக்செக்குக்கு, அதாவது அதே வீடுகளில் மறுபடி கேட்டுச் சரிபார்க்க, நானே போனேன், அவரிடம் சொல்லாமல். பத்து நிமிட வேலைதான். முதலில் யாராவது வந்தார்களா, யாரிடம் பேசினார்கள் என்று கேட்க வேண்டும். அப்புறம் வீட்டில் எத்தனை பேர், கூரை என்ன, கடன் உண்டா என்று இரண்டு நாளில் மாறாதவற்றைக் கேட்க வேண்டும். போன வாரப் பாடு எவ்வளவு என்று கேட்காதீர்கள். உண்மையாகப் பேசியவரே இன்னொரு தொகை சொல்வார், நல்ல பையன் மேல் பழி விழும்.

முதல் வீட்டு அக்கா, "புதன்கிழமை அவரு கடல்லல்ல இருந்தாரு? யாரும் வரலையே தம்பி. நகை அடகுல போயி ரெண்டு வருசமாச்சு" என்றார். இரண்டாவது வீட்டிலும் யாரும் வரவில்லை. மூன்றாவதில் மனைவியிடம் வாசலில் ஐந்து நிமிடம் பேசிவிட்டுக் கணவர் பெயரில் ஏற்றியிருக்கிறார். இதுவும் தப்புதான், ஆனால் வேறு தப்பு. இது மட்டும் என்றால் எச்சரித்து அந்தப் பேட்டியை மறுபடி எடுக்கச் சொல்லியிருப்பேன். இரண்டு வீடு முழுப் பொய் என்பதால் அவர் அதுவரை எடுத்த எல்லாப் படிவங்களையும் நீக்கி, வேறு ஆளை வைத்து மறுபடி எடுத்தோம்.

நான்காவது வீட்டில் ஆள் காய்ச்சலில் படுத்திருந்தார். அங்கே மட்டும் தம்பி நிஜமாகவே நாற்பது நிமிடம் பேசியிருந்தார்.