ஜிபி விலை குறைவு என்று 449 ரூபாய் போடலாமா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். கணவர் விசைப்படகில் வாரம் மூன்று நாள் கடலுக்குப் போகிறார். ரீசார்ஜ் கடையில் நாலு பிளானை ஒப்பிட்டு ஒரு சீட்டு கொடுத்தார்கள். 299க்கு 28 நாள், தினம் 1 ஜிபி. 349க்கு 28 நாள், தினம் 1.5 ஜிபி. 859க்கு 84 நாள், தினம் 1.5 ஜிபி. 449க்கு 28 நாள், தினம் 3 ஜிபி, கூடவே சினிமா ஆப். "449தான் லாபம், ஜிபி அஞ்சரை ரூபாகூட வராது" என்கிறார் கடைக்காரர். கரையில் இருக்கும் நாளில் இவருக்கு ஒரு ஜிபிக்குக் கொஞ்சம் மேலே ஓடும். கடலில் ஒன்றும் ஓடாது. எதைப் போடுவது? மாமியாரின் பட்டன் போனுக்கும் 299தான் போடுகிறோம், அது சரியா?

பதில்: 449 வேண்டாம். உங்கள் கணவருக்கு 859 பொருந்தும். மாமியாருக்கு நெட் இல்லாத பிளான் போதும்; அதைக் கடைசியில் சொல்லாமல் நடுவிலேயே சொல்லிவிடுகிறேன்.

கடைச் சீட்டில் இருக்கும் "ஒரு ஜிபி விலை" தவறான கணக்கு இல்லை, உங்களுக்கு ஆகாத கணக்கு. தினம் 3 ஜிபி, 28 நாள், மொத்தம் 84 ஜிபி. 449ஐ 84ஆல் வகுத்தால் 5 ரூபாய் 35 காசு. ஆனால் அந்த 84 ஜிபியையும் தினம் தினம் மிச்சமில்லாமல் ஓட்டித் தீர்ப்பவருக்குத்தான் அந்த விலை. நள்ளிரவு 12 மணிக்கு அன்றைய மிச்சம் அழிந்துபோகும், மறுநாளுக்கு வராது. ஆகவே வகுக்க வேண்டியது கொடுக்கும் ஜிபியால் அல்ல, ஓடும் ஜிபியால்.

உங்கள் வீட்டுக் கணக்கைப் போடுவோம். கரை நாள் வாரத்துக்கு நான்கு, நாளுக்கு 1.1 ஜிபி என்றால் 4.4. கடல் நாள் மூன்றில், படகு ஏறுமுன்னும் இறங்கிய பின்னும் ஓடுவது சேர்ந்து 0.3 என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 4.7 ஜிபி, 28 நாளைக்கு 18.8 ஜிபி. இப்போது அதே நாலு பிளானும் இப்படி மாறும்:

| பிளான் | கடைச் சீட்டின் ஜிபி விலை | ஒரு நாள் செலவு | உங்கள் வீட்டு ஜிபி விலை |
|---|---|---|---|
| ரூ.299, 28 நாள், 1 ஜிபி | 10.68 | 10.68 | 17.38 |
| ரூ.349, 28 நாள், 1.5 ஜிபி | 8.31 | 12.46 | 18.56 |
| ரூ.859, 84 நாள், 1.5 ஜிபி | 6.82 | 10.23 | 15.23 |
| ரூ.449, 28 நாள், 3 ஜிபி | 5.35 | 16.04 | 23.88 |

சீட்டில் மிக மலிவாகத் தெரிந்தது உங்கள் வீட்டில் மிக விலை கூடியதாக நிற்கிறது. வருடக் கணக்கில் பார்த்தால், 449ஐ 13 தடவை போட 5,837 ரூபாய் ஆகும். 859 பிளானின் நாள் செலவை 365 நாளைக்குப் பெருக்கினால் சுமார் 3,733. வித்தியாசம் இரண்டாயிரத்துக்கு மேல்.

28 நாளைக்கு 18.8 என்றால் சராசரி முக்கால் ஜிபிகூட இல்லையே, அப்புறம் 1 ஜிபி பிளானே போதாதா என்று தோன்றும். போதாது. தினசரி அளவு சராசரியைப் பார்ப்பதில்லை. கடலில் இருந்த நாளின் மிச்சம் கரை நாளுக்கு உதவாது. கரையில் இருக்கும் நாலு நாளும் இரவு நேரத்தில் 1 ஜிபி தீர்ந்து, வேகம் பொதுவாக 64 கேபிபிஎஸ் ஆகிவிடும். அந்த வேகத்தில் வாட்ஸ்அப் எழுத்துச் செய்தி போகும், ஒரு போட்டோ வர நேரமாகும், வீடியோ ஓடாது. அப்போது கடைக்குப் போய் இருபது, இருபத்திரண்டு ரூபாய்க்குத் தனி டேட்டா போடுவீர்கள். அதில் சில பேக் அன்று நள்ளிரவோடு செத்துவிடும்; இரவு பத்து மணிக்குப் போட்டால் இரண்டு மணி நேரம்தான் ஆயுள். மாதத்துக்கு நாலு தடவை 22 ரூபாய் போட்டாலே 299 என்பது 387 ஆகிவிடும், 349ஐத் தாண்டிவிட்டது. மேலே உள்ள 17.38 என்ற கணக்கு, 1 ஜிபி தீர்ந்ததும் அப்படியே விட்டுவிட்டு 28 நாளைக்கு 17.2 ஜிபி மட்டும் ஓட்டுபவருக்கு.

84 நாளில் கடல் நாட்கள் வீணாகாதா என்று நீங்கள் கேட்கலாம். வீணாகத்தான் செய்யும், ஆனால் 28 நாள் பிளானிலும் அதே அளவு வீணாகும். நாள் செலவு குறைந்த பிளானில் வீணாவது மேல். இன்னொன்றையும் பாருங்கள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாளும் அவர் கரையில்தான் இருப்பார். ஏப்ரல் 1ஆம் தேதி 84 நாள் பிளான் போட்டால் ஜூன் 23 வரை ஓடும். அந்த இரண்டு மாதமும் தினம் 1.1 ஜிபி ஓடினாலும் 1.5க்குள் அடங்கும். வேலையில்லாமல் உட்கார்ந்து படம் பார்த்து அளவு தாண்டினால், யூடியூப் தரத்தை 480இலிருந்து 360க்கு இறக்கச் சொல்லுங்கள். அதற்காக 3 ஜிபி பிளானுக்கு மாற வேண்டாம்.

84 நாள் பிளானுக்கு ஒரு நிபந்தனை உண்டு. இப்போது இருக்கும் கம்பெனியின் டவர் உங்கள் வீட்டுக்குள்ளும் இறங்குதளத்திலும் ஒழுங்காக எடுத்தால் மட்டும் போடுங்கள். நடுவில் வேறு கம்பெனிக்கு மாறினால் மிச்ச நாளுக்குப் பணம் திரும்பாது. எந்தக் கடைச் சீட்டிலும் சிக்னலுக்கு ஒரு கட்டம் இருக்காது.

28 நாள் என்பதே ஒரு தந்திரம். மாதம் என்று நினைத்துப் போடுகிறோம், வருடத்துக்கு 13 தடவை கட்டுகிறோம். 30 நாள் பிளான் ஒன்றாவது, மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் பிளான் ஒன்றாவது கொடுக்க வேண்டும் என்று போன் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ட்ராய் ஆணையம் 2022இல் உத்தரவு போட்டது. ஒன்று கொடு என்றால் ஒன்றுதான் கொடுப்பார்கள், அதுவும் ஆப்பில் ஆழத்தில் கிடக்கும். கடைச் சுவரில் அதை ஒட்டியிருப்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மாமியார் விஷயமும் இதே கதை. பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள பிளானைக் கட்டாயம் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் விதி வந்தது. பட்டன் போனுக்கு எதற்கு தினம் 1 ஜிபி? கடையில் "நெட் இல்லாத, பேசுவதற்கு மட்டும் உள்ள 84 நாள் பிளான்" என்று கேளுங்கள். "அப்படி ஒன்று இல்லையே" என்று சொன்னால் அந்தக் கம்பெனியின் ஆப்பையோ tariff.trai.gov.in தளத்தையோ பிள்ளைகளை விட்டுத் திறந்து பாருங்கள். பெரிய ரீசார்ஜுக்குப் பெரிய கமிஷன் என்பதால் சின்னது பலர் வாயில் வராது.

சினிமா ஆப் போன்ற கூடுதல் சலுகைக்கு ஒரே சோதனை போதும்: தனியாகக் காசு கொடுத்து அதை வாங்குவீர்களா? மாட்டீர்கள் என்றால் அதன் மதிப்பு பூஜ்யம். அளவில்லா 5ஜி என்பதும் 5ஜி போனும் 5ஜி டவரும் இரண்டும் இருப்பவர்களுக்கே.

இனி கடையும் குடையும். அச்சடித்த சீட்டில் தேதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் விலையை ஏற்றிய பிறகும் பழைய சீட்டைக் காட்டி, "அந்த பிளான் போச்சு, இதைப் போடுங்க" என்று மேலே தள்ளுவது வாடிக்கை. பணம் கொடுத்ததும் நகராதீர்கள். கம்பெனியிடமிருந்து குறுஞ்செய்தி வர வேண்டும். அதில் தொகை, எத்தனை நாள், தினம் எத்தனை ஜிபி என்ற மூன்றும் நீங்கள் கேட்டதுதானா என்று அங்கேயே நின்று பாருங்கள். 349 வாங்கிக்கொண்டு 299 போட்டிருந்தால் வீட்டுக்குப் போன பிறகு நிரூபிக்க முடியாது. ஓடிபி எண்ணை மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள். கடையில் காசு கொடுத்துப் போடும் ரீசார்ஜுக்கு ஓடிபியே தேவையில்லை.

குடை போட்டு உட்கார்ந்து "நம்பரை மாத்துங்க, மூணு மாசம் ஃப்ரீ" என்பவர்களிடம் இன்னும் கவனம். நாலாவது மாதம் என்ன விலை என்று கேட்டால் பதில் வராது. அதைவிட மோசம், "விரல் பதியலை, இன்னொரு தடவை வைங்க" என்பது. ஒரு தடவை உங்களுக்கு, மறு தடவை உங்கள் பேரில் வேறொருவருக்கு சிம். அந்த சிம்மை வைத்து எவனோ ஏமாற்று வேலை செய்தால் போலீஸ் உங்கள் வாசலில்தான் நிற்கும். ஏற்கெனவே விரல் வைத்திருந்தால் tafcop.sancharsaathi.gov.in தளத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். உங்கள் பேரில் ஓடும் எண்கள் வரும். தெரியாத எண் இருந்தால் "என் எண் இல்லை" என்று அங்கேயே குறிக்கலாம். இதை விற்கும் இடத்திலேயே தடுக்காமல் வாங்கியவரைத் தேடிப் பார்க்கச் சொல்வது என்ன ஏற்பாடோ!

கடலுக்குப் போகும் போனுக்கு இன்னொரு விதிவிலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும். தனுஷ்கோடிக்கு வெளியே, கச்சத்தீவுப் பக்கம் போனால் நம் டவர் விட்டு இலங்கை டவர் எடுக்கும். நீங்கள் போட்ட 1.5 ஜிபி அங்கே செல்லாது. வெளிநாட்டு ரோமிங் இல்லாத ப்ரீபெய்ட் சிம் என்றால் சேவை கிடைக்காது, காசும் போகாது. ஆனால் எப்போதோ யாரோ ரோமிங்கைத் திறந்து வைத்திருந்தால் இருப்பில் உள்ள பணம் எம்பி கணக்கில் கரையும். போஸ்ட்பெய்ட் என்றால் பில்லில் ஏறும்.

இரண்டு இடத்தில் மூட வேண்டும். ஒன்று, போனின் செட்டிங்ஸில் சிம் பகுதிக்குப் போய் "டேட்டா ரோமிங்" என்ற பொத்தானை அணையுங்கள். இரண்டு, கம்பெனியின் ஆப்பிலோ வாடிக்கையாளர் சேவையிலோ வெளிநாட்டு ரோமிங் மூடியிருக்கிறதா என்று கேளுங்கள். அதே சிம் பகுதியில் நெட்வொர்க் "தானாக" என்று இருப்பதை எடுத்துவிட்டு உங்கள் கம்பெனியின் பெயரைக் கையால் தேர்ந்தெடுத்தால் போன் இலங்கை டவரை நாடாது. டவர் இல்லாத இடத்தில் போன் தேடித் தேடி பேட்டரியைத் தின்னும். ஏரோபிளேன் மோடில் போட்டாலும் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் ஜிபிஎஸ் ஓடும், கரையிலேயே இறக்கிவைத்த வரைபடமும் ஓடும். கேரளக் கரைக்குத் தொழிலுக்குப் போகிற காலத்தில் மட்டும் போனில் டேட்டா ரோமிங், நெட்வொர்க் தேர்வு இரண்டையும் பழையபடி மாற்றுங்கள். டேட்டா ரோமிங் அணைந்திருந்தால் சில போன்களில் அங்கே நெட் ஓடாது. அதைத் தெரியாமல் "பிளான் தீர்ந்துபோச்சு" என்று நினைத்து இன்னொரு ரீசார்ஜ் போட்டுவிடாதீர்கள்.