கஞ்சியும் சப்பாத்தியும் சரி, மதியச் சாதம் எவ்வளவு?

கேள்வி: வயது 46, கணக்குப் பிரிவில் நாள் முழுக்க உட்கார்ந்த வேலை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.1, வெறும் வயிற்றில் சர்க்கரை 108. டாக்டர் மாத்திரை இப்போது வேண்டாம், சாப்பாட்டை மாற்றுங்கள் என்றார். காலையில் கேழ்வரகுக் கஞ்சி, ராத்திரி மூன்று சப்பாத்தி என்று மாறிவிட்டேன். மதியம் வழக்கமான டிபன் பாக்ஸ்தான். இது போதுமா மேடம்?

பதில்: போதாது சார். நீங்கள் மாற்றியிருப்பது தானியத்தை, அளவை இல்லை. மூன்று சப்பாத்தியில் ஏறக்குறைய ஒரு கப் சாதத்துக்குரிய மாவுச்சத்து வந்துவிடும். கேழ்வரகை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் குடித்தால் மெல்லும் வேலையே இல்லாமல் சீக்கிரம் ரத்தத்தில் ஏறிவிடும், அதற்குக் கேழ்வரகு அடையே மேல்.

பெரிய இடம் மதியச் சாப்பாடு. சாம்பாருக்கு ஒரு கப், ரசத்துக்கு ஒரு கப், மோருக்கு அரை கப் என்று நம் ஊரில் சாதாரணமாகப் போகும், கூடவே உருளைக்கிழங்கு வறுவல் (அதையும் காய்கறி என்றுதான் கணக்கில் வைப்போம்!). ஒரு கப் சாதத்தில் சுமார் 40 கிராம் மாவுச்சத்து என்றால் சாதத்திலேயே 100 கிராம் ஆச்சு. இனி சாதம் மொத்தமே ஒரு கப், அதை சாம்பாருக்கும் மோருக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். குறைந்த இடத்தில் ஒன்றரைக் கப் பீன்ஸ், கோஸ், அவரை மாதிரிப் பொரியலோ கூட்டோ, அரை கப் சுண்டல் அல்லது இரண்டு முட்டை. இதை ஈடு செய்யாமல் சாதத்தை மட்டும் குறைத்தால் நாலு மணிக்கு பிஸ்கட் பாக்கெட்டில் கை போகும். காயையும் சுண்டலையும் முதலில் சாப்பிட்டுவிட்டு சாதத்துக்கு வாருங்கள், அதே சாப்பாட்டுக்கே சர்க்கரை மெதுவாக ஏறும். அப்புறம் பத்து நிமிடம் நடை, மாடிப்படியும் சரிதான்.

டீயைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. நாளுக்கு நான்கு டீ, தலா இரண்டு ஸ்பூன் என்றால் எட்டு ஸ்பூன் சர்க்கரை. நாட்டுச் சர்க்கரைக்கு மாறினாலும் கணக்கு அதேதான்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க குளுக்கோமீட்டர் போதும். பழைய டிபன் பாக்ஸ் ஒரு நாள், புதியது ஒரு நாள், சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பாருங்கள். 140-க்குள் நின்றால் அந்த அளவு உங்களுக்கு ஒத்துவருகிறது. தாண்டினால் சாதத்தை இன்னும் கால் கப் குறையுங்கள்.

இதெல்லாம் செய்தும் சிலருக்குச் சர்க்கரை வரத்தான் செய்கிறது. 2006-இல் வெளியான இந்திய ஆய்வில், சாப்பாட்டையும் நடையையும் மாற்றியவர்களுக்கு மூன்று ஆண்டுகளில் அந்த வாய்ப்பு சுமார் 28 சதவீதம்தான் குறைந்தது. அதனால் மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சியைத் திரும்ப எடுங்கள், கூடவே ஹீமோகுளோபினும் பாருங்கள். இரும்புச்சத்து குறைவாக இருந்தால் ஹெச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும்.