எக்கோ ஏற்றினால் மைக் ஏன் கத்துகிறது?

கேள்வி: அண்ணே, வீட்டு ஹாலில் கரோக்கிக்காக மிக்சர், இரண்டு மைக், இரண்டு ஸ்பீக்கர் வைத்திருக்கிறேன். சும்மா பாடினால் நன்றாக இருக்கிறது. எக்கோவைத் திருகினால் 'ஊய்ய்' என்று கத்துகிறது. மிக்சர் கோளாறா?

பதில்: மிக்சர் மேல் பழி போடாதீர்கள். ஸ்பீக்கர் சத்தம் மைக்கில் நுழைந்து, மிக்சரில் பெரிதாகி, மறுபடி ஸ்பீக்கருக்கே போகிறது. ஒரு சுற்று சுற்றியும் குறையாமல் திரும்பி வந்தால் கத்தல்தான். எக்கோவும் அதே குரலின் நகல். அதைக் கூட்டுவது மைக்கையே கூட்டுவது மாதிரி.

எக்கோவை முழுசாக மூடிவிட்டு ஆரம்பியுங்கள். ஸ்பீக்கர்கள் பாடுபவருக்கு முன்னால், கேட்பவர்களைப் பார்த்து நிற்கட்டும். உச்சத்தில் பாடும்போது சிவப்பு விளக்கு எரியாத அளவுக்குக் கெயினை வையுங்கள். இரண்டு மைக்கும் திறந்திருக்க, கத்த ஆரம்பிக்கும் வரை வால்யூமை ஏற்றி, அங்கிருந்து நன்றாகவே இறக்குங்கள். எக்கோவுக்கு இடம் அந்த இடைவெளியில்தான். பாடாத மைக்கை மூடிவிடுங்கள்.

தனி எக்கோ பெட்டி வைத்து, அதன் ஒயரை இன்னொரு சேனலில் செருகியிருந்தால், அந்தச் சேனலின் எஃபெக்ட் குமிழ் பூஜ்யத்தில் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் எக்கோ தன்னையே சுற்றிக்கொண்டு மைக் இல்லாமலே கத்தும். இது தெரியாமல் ஒரு ராத்திரி முழுக்க மைக்கை மாற்றி மாற்றிப் பார்த்தவன் நான்.

கேள்வி: எதற்கு இவ்வளவு? ட்ரெபிளை அடியோடு குறைத்தால் கத்தாது சார். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பதில்: பாதி சரி. விசில் மாதிரி கீச்சென்று வந்தால் அடங்கும். ஆனால் 'ச', 'ஸ' எல்லாம் மங்கி, கம்பளிக்குள்ளிருந்து பாடுவது போல் ஆகிவிடும். 'ஊம்ம்' என்று தடித்த சத்தம் வந்தால் ட்ரெபிள் உதவவே உதவாது. லோ கட் பட்டனை அமுக்குங்கள், பேஸைக் கொஞ்சம் இறக்குங்கள்.

கேள்வி: எனக்கும் எக்கோ பிரச்சினைதான். மிக்சரிலிருந்து புளூடூத்தில் ஸ்பீக்கருக்கு விட்டிருக்கிறேன். எக்கோவை மூடினாலும் என் குரல் பிந்தி வருகிறது.

பதில்: உங்களுடையது வேறு கதை. அது எக்கோ இல்லை, புளூடூத் எடுத்துக்கொள்ளும் தாமதம். மிக்சரிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒயர்தான் போட வேண்டும். போனிலிருந்து மிக்சருக்குப் பாட்டு புளூடூத்தில் வந்தால் பாதகமில்லை. காதில் கேட்பதை வைத்துத்தானே பாடுகிறோம்.

கேள்வி: அம்மா மெல்லிய குரலில், மைக்கை ஒரு அடி தள்ளிப் பிடித்துப் பாடுவார். அவருக்காக ஏற்றினால் உடனே கத்துகிறது. நல்ல மைக் வாங்கினால் சரியாகுமா?

பதில்: தூரம் பாதியானால் மைக்குக்குள் போகும் குரல் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இரண்டு விரல் தூரத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், வால்யூமைத் தொடவே வேண்டாம். வலைத்தலையைக் கையால் பொத்தவும் கூடாது. பொத்தினால் மைக் பின்பக்கச் சத்தத்தையும் இழுக்கும். இவ்வளவுக்குப் பிறகும் கத்தினால் ஹால்தான் காரணமாக இருக்கும். கிரானைட் தரை, வெறும் சுவரா? திரைச்சீலை தொங்கவிட்டு, அம்மாவை வேறு மூலையில் நிற்க வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். மைக் வாங்குவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.