ரெப்போ குறைந்தும் இஎம்ஐ குறையவில்லையா? தவணைகளை எண்ணிப் பாருங்கள்

"2025 ஜனவரியில் ஒரு வங்கியில் 40 லட்சம் ரூபாய் வீட்டுக் கடன் வாங்கினேன். 20 வருடம், ரெப்போவோடு இணைந்த மாறும் வட்டி, அப்போது 9 சதவீதம். இந்த வருடத்தில் ரிசர்வ் வங்கி நான்கு தடவை வட்டியைக் குறைத்துவிட்டது என்று செய்தியில் படித்தேன். ஆனால் என் இஎம்ஐ இன்னும் 36,000 ரூபாயாகவே போகிறது. நண்பன் ஒருவனுக்கு இஎம்ஐ குறைந்திருக்கிறது. கிளையில் கேட்டால் 'சிஸ்டமே பார்த்துக்கொள்ளும் சார்' என்கிறார்கள். எனக்கு வட்டி குறைந்ததா இல்லையா? இஎம்ஐயைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாமா?" – திருச்சி வாசகர்

உங்களுக்கு வட்டி பெரும்பாலும் குறைந்திருக்கும். இஎம்ஐயைத் தொடாமல், தவணைகளின் எண்ணிக்கையை வங்கி குறைத்திருக்கும். வட்டி மாறும்போது இஎம்ஐயை அப்படியே வைத்துக்கொண்டு கடன் காலத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பல வங்கிகளில் வழக்கம். உங்கள் நண்பருடைய வங்கி வேறு வழியில் போயிருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் 'பெரும்பாலும்' என்பதோடு நீங்கள் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். ஐந்து நிமிடத்தில் நீங்களே உறுதி செய்துகொள்ளலாம்.

முதலில் நடந்தது என்ன என்று பார்த்துவிடுவோம். ரெப்போ என்பது வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலத்துக்குப் பணம் வாங்கும்போது கொடுக்கிற வட்டி. 2023 பிப்ரவரியிலிருந்து இரண்டு வருடம் அது 6.5 சதவீதத்தில் அசையாமல் நின்றது. 2025 பிப்ரவரியில் கால், ஏப்ரலில் கால், ஜூனில் அரை, டிசம்பர் 5 அன்று மறுபடி கால் என்று மொத்தம் 1.25 சதவீதம் இறங்கி, 5.25க்கு வந்தது. விலைவாசி அடங்கியதுதான் இதற்கு இடம் கொடுத்தது. ரிசர்வ் வங்கி சில்லறைப் பணவீக்கத்தை 4 சதவீதத்தை ஒட்டி வைத்திருக்க வேண்டும். 2025 அக்டோபரில் அது 0.25 சதவீதம்தான்.

2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் கொடுக்கும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் எல்லாம் வெளியில் இருக்கிற ஓர் அளவுகோலோடு இணைந்திருக்க வேண்டும் என்பது விதி. அநேகமாக எல்லா வங்கிகளும் ரெப்போவைத்தான் எடுத்துக்கொண்டன. உங்கள் வட்டி இரண்டு துண்டுகளால் ஆனது. நீங்கள் கடன் வாங்கியபோது ரெப்போ 6.5, அதன் மேல் வங்கி வைத்த கூடுதல், அதாவது ஸ்ப்ரெட், 2.5. சேர்த்து 9. ரெப்போ மாறினால் முதல் துண்டு தானாக மாற வேண்டும். குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது வங்கி அதைத் திருத்தியாக வேண்டும். ஆகவே டிசம்பர் குறைப்பு சில வங்கிகளில் உடனே வந்திருக்கும், சிலவற்றில் 2026 மார்ச்சுக்குள் வந்திருக்கும். வந்த பிறகு உங்கள் வட்டி 7.75 ஆக இருக்க வேண்டும்.

சரி, உறுதி செய்வது எப்படி? வங்கியின் செயலியிலிருந்தோ கிளையிலிருந்தோ கடன் கணக்கு அறிக்கையை எடுங்கள். அதில் ஒவ்வொரு மாதமும் வட்டி என்று ஒரு தொகை பற்று வைக்கப்பட்டிருக்கும். அந்தத் தொகையை 12ஆல் பெருக்கி, அந்த மாதத் தொடக்கத்தில் இருந்த பாக்கி அசலால் வகுத்து, 100ஆல் பெருக்குங்கள். கிடைப்பது உங்களிடம் உண்மையிலேயே வாங்கப்படும் வட்டி விகிதம். உங்கள் பாக்கி இப்போது ஏறத்தாழ 39 லட்சம் இருக்கும். அந்த மாத வட்டி 26,000 ரூபாய் என்றால் விகிதம் 8 சதவீதம். டிசம்பருக்கு முந்தைய மூன்று குறைப்புகளும் வந்துவிட்டன என்று அர்த்தம். 25,200ஐ ஒட்டி இருந்தால் நான்காவதும் வந்துவிட்டது. 29,250 என்று இருந்தால் எதுவுமே வரவில்லை, கிளைக்குப் போய்ச் சண்டை போட வேண்டியதுதான். வட்டியை நாள் கணக்கில் போடுவதால் 31 நாள் மாதத்தில் சில நூறு ரூபாய் கூடும், பிப்ரவரியில் நன்றாகவே குறையும். அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 12ஆல் பெருக்குவதற்குப் பதில் 365ஆல் பெருக்கி, அந்த மாதத்தின் நாட்களால் வகுத்தால் கணக்கு சுத்தமாக வரும்.

இஎம்ஐ மாறாதபோது பணம் எங்கே போகிறது என்பதும் இந்த அறிக்கையிலேயே தெரியும். முதல் மாதம் 36,000 கட்டியபோது 30,000 வட்டிக்குப் போனது, அசலில் 6,000தான் கழிந்தது. 7.75க்கு வந்த பிறகு அதே 36,000இல் வட்டி சுமார் 25,200, அசலுக்கு 10,800. நீங்கள் கட்டுவது மாறவே இல்லை, ஆனால் கடன் கரையும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிட்டது. அடுத்து, 'மீதித் தவணைகள்' என்ற எண்ணைப் பாருங்கள். முதல் அட்டவணைப்படி 228 இருக்க வேண்டிய இடத்தில் 190ஐ ஒட்டி ஓர் எண் இருந்தால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. இஎம்ஐயைக் குறைக்கச் சொல்லித் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் கேட்பதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள். 39 லட்சம் பாக்கி, 7.75 சதவீதம். கடன் காலத்தை 228 மாதமாகவே வைத்துக்கொண்டால் இஎம்ஐ 32,730 ஆகும். மாதம் 3,270 ரூபாய் கையில் நிற்கும். ஆனால் கடன் முடிவதற்குள் இன்னும் 35.6 லட்சம் வட்டி கட்டுவீர்கள். இஎம்ஐயை 36,000 ஆகவே விட்டுவிட்டால் 187 மாதத்தில் கடன் முடியும். வட்டி 28.3 லட்சம். மூன்றரை வருடம் முன்னதாகவே பத்திரம் வீட்டுக்கு வரும், 7 லட்சத்துக்கும் மேல் மிச்சம். வட்டி இதே அளவில் நின்றால் வரும் கணக்கு இது. அப்படி நிற்காது என்றாலும், இரண்டு வழிகளுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு பெரியது என்பது புரியும்.

என் கருத்தைக் கேட்டால், 36,000ஐ இதுவரை சிரமமில்லாமல் கட்டிவந்திருக்கிறீர்கள் என்றால் அதைத் தொடாதீர்கள். கிரெடிட் கார்டு பாக்கியோ தனிநபர் கடனோ இருந்தால் மட்டும் இஎம்ஐயைக் குறைத்து, மிஞ்சும் 3,270ஐ அந்தக் கடனுக்குத் திருப்பிவிடுங்கள். அவற்றின் வட்டி வீட்டுக் கடனைவிட மிகவும் அதிகம். வேலை நிலையில்லை, கையில் நாலைந்து மாதச் செலவுக்குக்கூடப் பணம் இல்லை என்றாலும் குறைத்துக்கொள்வதில் தவறில்லை. அப்படிக் குறைத்தாலும், கையில் பணம் சேரும்போது அசலில் கட்டிக்கொள்ளலாம். தனிநபர்களின் மாறும் வட்டி வீட்டுக் கடனில் முன்கூட்டியே கட்டுவதற்கு அபராதம் வாங்கக் கூடாது. மாதாமாதம் 3,270ஐத் தவறாமல் அசலில் கட்டினால் இரண்டு வழியும் ஒன்றாகிவிடும். தவறாமல் கட்டுவீர்களா என்பதுதான் கேள்வி. பள்ளிக் கட்டணம், தீபாவளி, ஒரு கல்யாணம் என்று அந்தப் பணம் கரைந்துபோவதை நான் நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இஎம்ஐயை விட்டுவைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2022 மே மாதம் 4ஆம் தேதி, வட்டியை முடிவு செய்யும் கூட்டம் நடக்க வேண்டிய நேரமே இல்லாதபோது, ரிசர்வ் வங்கி ரெப்போவை 4 சதவீதத்திலிருந்து 4.4க்கு உயர்த்தியது. அடுத்த ஒன்பது மாதத்தில் அது 6.5க்குப் போய்விட்டது. அதற்கு முன் 6.9 சதவீதத்தில் இதே 40 லட்சத்தை 20 வருடத்துக்கு வாங்கியவருக்கு இஎம்ஐ 30,770 ரூபாய். வட்டி 9.4க்குப் போனபோது அவருடைய பாக்கி 39 லட்சம் என்றால், ஒரு மாத வட்டி மட்டும் 30,550. கட்டுகிற இஎம்ஐயில் அசலுக்குப் போவது 220 ரூபாய்! அந்த நிலையில் கடன் காலம் எங்கோ போய்விடும். பலருக்கு அவர்கள் அறியாமலேயே ஓய்வு வயதைத் தாண்டித் தவணைகள் நீண்டன. அதற்குப் பிறகுதான், 2023 ஆகஸ்டில், வட்டி உயரும்போது இஎம்ஐயைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று கடன்தாரரைக் கேட்க வேண்டும், இஎம்ஐ அந்த மாத வட்டிக்குக்கூடப் போதாத நிலை வரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வட்டி குறைந்திருக்கிற காலத்தில் அசலை எவ்வளவு கரைக்கிறீர்களோ, மறுபடி ஏறும்போது அடி அவ்வளவு குறையும்.

இதைப் படிக்கிற எல்லோருக்கும் உங்களைப் போல ரெப்போ கடன் இருக்காது. 2016 ஏப்ரல் முதல் 2019 செப்டம்பர் வரை வங்கியில் வாங்கியவர்களுக்குப் பெரும்பாலும் எம்சிஎல்ஆர் என்ற அளவுகோல். அது வங்கி டெபாசிட் திரட்ட ஆகும் செலவை வைத்துப் போடப்படுவது. ரெப்போ குறைந்த உடனே வங்கி டெபாசிட் வட்டியைக் குறைத்துவிடாது என்பதால் அது மெதுவாகத்தான் இறங்கும். இறங்கினாலும் பலருக்கு வருடத்துக்கு ஒரு தடவைதான் திருத்துவார்கள். அவர்கள் ரெப்போவுக்கு மாற்றிக் கேட்கலாம். நியாயமான நிர்வாக, சட்டச் செலவைத் தவிர வேறு கட்டணம் வாங்கக் கூடாது. வீட்டுக் கடன் நிறுவனங்களில் வாங்கியவர்கள் நிலை வேறு. ரெப்போ விதி அவர்களைக் கட்டுப்படுத்தாது; நிறுவனம் தானே வைத்துக்கொள்ளும் அளவுகோல்தான். அங்கே வட்டியைக் குறைக்கப் பெரும்பாலும் மாற்றுக் கட்டணம் கட்டி எழுதிக் கேட்க வேண்டும்.

ஸ்ப்ரெட்டையும் ஒரு தடவை பாருங்கள். உங்கள் வங்கி இன்று புதிதாக வருபவருக்கு 2.5க்குக் குறைவான ஸ்ப்ரெட்டில் கொடுக்கிறது என்றால், உங்களுக்கும் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். மூன்று வருடத்துக்கு ஒரு தடவைதான் மாற்ற முடியும் என்று முன்பு சொல்லிவிடுவார்கள். 2025 அக்டோபர் முதல், வாடிக்கையாளருக்குச் சாதகமாக என்றால் ஸ்ப்ரெட்டின் சில பகுதிகளை அதற்கு முன்பே குறைக்க வங்கிக்கு அனுமதி உண்டு. கட்டாயம் இல்லை, ஆனாலும் கேட்டவருக்குத்தான் கிடைக்கும். வேறு வங்கிக்கு மாறுவது கடைசி வழி. செயலாக்கக் கட்டணம், வக்கீல் கருத்து, வீட்டுப் பத்திரத்தை வங்கியில் அடமானமாக ஒப்படைப்பதற்கான எம்ஓடியைப் புதிதாகப் பதிவு செய்யும் செலவு எல்லாம் சேரும். இவற்றைக் கூட்டி, வட்டி வித்தியாசத்தால் முதல் வருடத்தில் மிஞ்சுவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் கடனில் கால் சதவீதம் குறைந்தால் வருடத்துக்குச் சுமார் 9,700 ரூபாய் மிஞ்சும்.

வங்கியிடம் எதைக் கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள். "என் கடனின் தற்போதைய வட்டி விகிதம், அளவுகோல், ஸ்ப்ரெட், கடைசியாகத் திருத்திய தேதி, மீதித் தவணைகள் ஆகியவற்றைத் தெரிவிக்கவும். இஎம்ஐயை மாற்றாமல் கடன் காலத்தைக் குறைக்கவும்" என்று இரண்டே வரி போதும். மின்னஞ்சலில் அனுப்புங்கள், நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள். வட்டி குறைக்கப்படவில்லை என்று அறிக்கையில் தெரிந்தால் அதைப் புகாராகவே எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணம் இல்லாமல் புகார் செய்யலாம். வங்கிக்கு எழுதிய கடிதத்தின் நகலும், வட்டி பற்று தெரிகிற அந்தக் கணக்கு அறிக்கையும் கையில் இருக்கட்டும்.