சப்ளையருக்குப் புகார்: கோபம் குறையணும், கேட்பது குறையக்கூடாது

"வண்ணாரப்பேட்டையில் சின்ன தையல் யூனிட். 20 ரோலில் 3 ரோல் ஷேடு மாறி வந்திருக்கு. 'ஏமாத்திட்டீங்க'ன்னு எழுதினா சண்டை மாதிரி, குறைச்சா கெஞ்சற மாதிரி இருக்கு. எப்படி எழுதறது?"

'ஏமாத்திட்டீங்க' வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். எண்ணிக்கையும் கெடுவும் அப்படியே இருக்கட்டும். 'நீங்க' என்று தொடங்கும் வரிகளில்தான் சூடு இருக்கிறது. ஆளை விட்டு, துணியைப் பற்றி எழுதுங்கள்:

"அண்ணே, வணக்கம். திங்கட்கிழமை வந்த 20 ரோலில் 7, 11, 12 ஆகிய மூன்றும் சாம்பிளைவிட வெளுத்திருக்கின்றன. பகல் வெளிச்சத்தில் சாம்பிளோடு சேர்த்து எடுத்த படம் அனுப்பியிருக்கிறேன். வெள்ளி மாலை 5 மணிக்குள் மூன்றையும் மாற்றித் தர வேண்டும். முடியாவிட்டால் அந்தத் தொகைக்கு கிரெடிட் நோட் போட்டுவிடுங்கள். மீதி 17 ரோலுக்கான பணம் பேசிய தேதியில் வந்துவிடும்."

கடைசி வரிதான் பாதி வேலையைச் செய்யும். மொத்தப் பணத்தையும் நிறுத்திவிடுவீர்களோ என்பதுதான் அவர் பயம்.

கெஞ்சுவது போல் ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் 'முடிஞ்சா', 'கொஞ்சம் பாருங்க' போன்ற சொற்கள். 'அண்ணே'வால் ஒன்றும் குறையாது, அது இருக்கட்டும். அனுப்புமுன் கடைப் பையனிடம் படிக்கக் கொடுத்து, "என்ன வேணும், எத்தனை, எப்போ?" என்று கேளுங்கள். ஒன்றுக்குத் தடுமாறினாலும் அந்த இடத்தைத் திருத்துங்கள்.

ஒன்று, அந்த மூன்று ரோலிலும் கத்தரி படக்கூடாது. வெட்டிவிட்டால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே அவர் வாதாடுவார். நாள் கடத்தினாலும் அதே கதைதான்: நியாயமான காலத்துக்குள் மறுப்பு சொல்லாவிட்டால் ஏற்றதாகவே 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். இன்றே அனுப்புங்கள்.