சிசேரியனுக்குப் பிறகு ஒரு கருச்சிதைவு: இடைவெளியை எந்த நாளிலிருந்து எண்ணுவது?

"எனக்கு 27 வயது, மூதூரில் இருக்கிறோம். 2025 ஆகஸ்டில் சிசேரியன் செய்து முதல் பிள்ளை பிறந்தது. பால் கொடுப்பதால் தங்காது என்று நினைத்தேன். டிசம்பரில் தங்கி, 2026 ஜனவரி கடைசியில் எட்டாவது வாரத்தில் கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கருப்பையைச் சுத்தம் செய்து அனுப்பினார்கள். ஒரு மாதவிடாய் வந்தால் போதும் என்கிறார் மச்சாள், ஆறு மாதம் பொறுக்கச் சொல்கிறார் மாமி. எது சரி?"

கருச்சிதைவை மட்டும் பார்த்தால் இருவர் பேச்சுக்கும் ஆதாரம் உண்டு. ஆறு மாதம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2005 இல் கூட்டிய நிபுணர் கலந்தாய்வின் பரிந்துரை. ஆறு மாதத்துக்குள் கருவுற்ற பெண்களுக்குத் தீங்கு கூடவில்லை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டியதால், உடலும் மனமும் தேறியிருந்தால் ஒரு மாதவிடாய்க்குப் பின் முயலலாம் என்று இப்போது பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆனால் தங்களைப் பொறுத்தவரை கணக்குத் தொடங்குவது ஜனவரியில் அல்ல, சிசேரியன் நடந்த ஆகஸ்டில். நடுவில் நேர்ந்த கருச்சிதைவு அந்தக் கணக்கைக் குறைப்பதும் இல்லை, முடித்துவைப்பதும் இல்லை.

வெட்டிய கருப்பைத் தசை மீண்டும் பழைய தசையாகவே வளர்ந்து மூடுவதில்லை. பெரும்பகுதி நார்த்தழும்பாகவே ஆறுகிறது, அது உறுதிப்பட மாதங்கள் பிடிக்கும். பிரசவ வலியில் கருப்பை இறுகி இழுக்கும்போது முதலில் விட்டுக்கொடுக்கக்கூடிய இடம் அந்தத் தழும்புதான். ஒரு சிசேரியனுக்குப் பின் இயற்கைப் பிரசவத்துக்கு முயலும் 1,000 பெண்களில் ஏறத்தாழ ஐந்து பேருக்குத் தழும்பு பிரிகிறது. இரண்டு பிரசவங்களுக்கும் இடையே பதினெட்டு மாதத்துக்குக் குறைவாக இருந்தால் இந்த ஆபத்து இரண்டு மூன்று மடங்காகிறது என்று ஆய்வுகள் கண்டுள்ளன. மச்சாள் சொன்னபடி மார்ச்சில் தங்கினால் டிசம்பரில் பிரசவம் வரும். ஆகஸ்டிலிருந்து எண்ணினால் அது வெறும் பதினாறு மாதம்.

இங்கே பலரும் தடுமாறுவது பிரசவத்துக்கும் பிரசவத்துக்கும் உள்ள இடைவெளியையும், பிரசவத்துக்கும் அடுத்த கருவுறுதலுக்கும் உள்ள இடைவெளியையும் ஒன்றாக எண்ணிவிடுவதில்தான். உயிருள்ள பிள்ளை பிறந்த பின் அடுத்த கருவுக்கு முயல அதே நிறுவனம் சொல்லும் 24 மாதம் இரண்டாவது வகை. அதன்படி தங்களுக்கு 2027 ஆகஸ்ட் வரும். அவ்வளவு காத்திருக்க இயலாவிட்டால் 2027 பெப்ரவரிக்கு, அதாவது பதினெட்டு மாதத்துக்கு, முன் வேண்டாம் என்பதே என் கருத்து. "எப்படியும் மறுபடி வெட்டத்தானே போகிறார்கள், ஏன் காத்திருக்க வேண்டும்" என்ற பேச்சையும் ஏற்காதீர்கள். குறித்த தேதிக்கு முன்பே வலி வரலாம், அதோடு இரத்தத்திலும் இரும்புச் சத்திலும் ஏற்பட்ட குறை ஈடாகவும் காலம் வேண்டும்.

கிளினிக் வாசலில் நின்று, "தழும்பின் தடிப்பை ஸ்கேனில் பார்த்து இப்போதே சரி என்று எழுதித் தருவார்கள்" என்று முச்சக்கரவண்டியில் ஏற்றிப்போகும் தரகர்களிடம் மிகவும் எச்சரிக்கையாக இருங்கள். கருத்தரிக்காத கருப்பையில் அளக்கும் எந்தத் தடிப்பும் அடுத்த பிரசவத்துக்கு உத்தரவாதம் ஆகாது. வயிற்றுத் தோலில் தெரியும் கீற்றும் எதையும் சொல்லாது. தோலில் குறுக்கே வெட்டியிருந்தாலும் உள்ளே கருப்பையில் நெடுக்காக வெட்டியிருக்கலாம், அப்படியானால் இயற்கைப் பிரசவத்துக்கு முயலவே கூடாது. அந்த விபரம் இருக்க வேண்டிய நோயறி அட்டையில் வாசிக்க முடியாத ஒற்றை வரியைக் கிறுக்கி அனுப்புவதை நான் வருடக்கணக்காகப் பார்க்கிறேன், இன்னும் திருந்தவில்லை. கருப்பையில் எந்தப் பக்கமாக வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள் என்பதைக் கேட்டுத் தெளிவாக எழுதி வாங்குங்கள்.

தங்களுக்கு இன்னொன்று முக்கியம். சுத்தம் செய்தபோது எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா, முடிவு வந்ததா என்று கேளுங்கள், அது தானாக வீடு தேடி வராது. சிலரில் நஞ்சுக்கொடித் திசு திராட்சைக் குலைபோல நீர்க்கொப்புளங்களாக வளர்ந்திருக்கும். அதை மோல் கர்ப்பம் என்பார்கள். அதில் சிறிது மிஞ்சினாலும் மீண்டும் வளரலாம், அரிதாகப் புற்றுநோயாகவும் மாறலாம். அதனால் கர்ப்ப ஹோர்மோன் முற்றாகக் குறையும்வரை இரத்தத்தில் அளந்து, பொதுவாக ஆறு மாதமளவு கண்காணிப்பார்கள். அந்தக் காலத்தில் கரு தங்கினால் ஹோர்மோன் ஏறுவது நோயாலா கருவாலா என்று பிரித்தறிய முடியாமல் போகும். ஒரு மாதவிடாய் போதும் என்ற பேச்சு இவர்களுக்கு அறவே பொருந்தாது. சுத்தம் செய்து மூன்று வாரம் கழித்தும் சிறுநீர்ப் பரிசோதனை கர்ப்பம் என்று காட்டினாலோ, இரத்தப்போக்கு நிற்காவிட்டாலோ உடனே செல்லுங்கள்.

பால் கொடுப்பது கருத்தடையாக நிற்பது முதல் ஆறு மாதத்தில், வேறெதுவும் கொடுக்காமல் இரவும் பகலும் தாய்ப்பால் மட்டும் கொடுத்து, மாதவிடாயும் திரும்பாதவரையில்தான். பிள்ளைக்கு ஆறு மாதம் கடந்துவிட்டதால் இனி அதை நம்பாதீர்கள். உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் லூப் பற்றிக் கேளுங்கள். எடுத்தவுடன் கருவுறும் திறன் திரும்பிவிடும், ஊசி போட்டால் அது திரும்ப மாதங்கள் தாமதிக்கலாம். 2027 பெப்ரவரியில் முயல்வதானால் போலிக் அமிலத்தை முந்திய நவம்பரிலேயே தொடங்குங்கள்.